அபராத ஷரத்து பற்றிய குறிப்பு: 2015 இங்கிலாந்துத் தீர்ப்பை எங்கே வைப்பது?

பயிற்சி மாணவி: சீனியருக்கு நாளைக் காலைக்குள் இரண்டு பக்கக் குறிப்பு தர வேண்டும். கட்சிக்காரர் விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு கடைக்காரர் மாதம் 400 வெள்ளிக்கு 36 மாத ஒப்பந்தத்தில் காபி இயந்திரம் எடுத்தார். 10 மாதத்தோடு பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். எந்த ஷரத்தை மீறினாலும் மீதி வாடகை முழுவதையும் உடனே கட்ட வேண்டும், இயந்திரத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆக 10,400 வெள்ளி. நாங்கள் கடைக்காரர் பக்கம். இங்கிலாந்தின் கேவென்டிஷ் வழக்கை வைத்துப் பார்த்தால், நிறுவனத்துக்கு நியாயமான வணிக நலன் இருப்பதால் ஷரத்து செல்லும் போலத் தெரிகிறது. அப்படியே எழுதலாமா?

மூன்றாம் ஆண்டு: இங்கிலாந்துத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. அதைத் தூக்கிவிடுங்கள்.

பழைய வக்கீல்: கட்டுப்படுத்தாது என்பது சரி, தூக்கிவிடு என்பது சரியில்லை. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். லாநெட் சட்டத் தரவுத்தளத்தில் `[2020] SGCA 119` போட்டுப் பாருங்கள், டென்கா வழக்கு. நம் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேவென்டிஷை ஏற்காமல் 1915-ஆம் ஆண்டின் டன்லப் அளவுகோலையே வைத்துக்கொண்டது. அதாவது, ஒப்பந்தம் போட்ட நேரத்தில் அந்தத் தொகை இழப்பைப் பற்றிய நேர்மையான முன்மதிப்பீடா என்பதுதான் கேள்வி; இல்லையென்றால் அது அபராதம், ஷரத்து செல்லாது. இதற்கு உங்கள் குறிப்பில் இரண்டு வரி போதும்.

மீதி இடத்தை உங்கள் ஷரத்துக்குக் கொடுங்கள். ஒருநாள் தாமதத்துக்கும் 26 மாத பாக்கிக்கும் ஒரே விளைவு. இயந்திரம் திரும்பி வந்தால் வேறு கடைக்கு வாடகைக்கு விடலாம், அதற்குக் கழிவே இல்லை. இரண்டும் கடைக்காரருக்குச் சாதகம். முதல் பத்தியிலேயே "அபராதமாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம்" என்று விடையைப் போடுங்கள். அப்புறம் இன்னொன்று: ஷரத்து விழுந்தாலும் நிறுவனம் உண்மையான இழப்பை நிரூபித்துக் கேட்கலாம். அதை எழுதாவிட்டால் கட்சிக்காரர் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொள்வார்.

ஜூரோங் வாசி: நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரும் இரண்டு மாத முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். நானும் டென்காவைச் சொல்லலாமா?

பழைய வக்கீல்: உங்களுடையது வேறு விஷயம். முன்பணத்துக்கு வேறு விதிகளைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பயிற்சி மாணவி: நன்றி சார். ஒரு சந்தேகம். "இது அபராதம் இல்லை, எப்படியும் கட்ட வேண்டிய வாடகைதான், தேதியை மட்டும் முன்னே தள்ளினோம்" என்று நிறுவனம் சொன்னால்?

பழைய வக்கீல்: நல்ல கேள்வி. ஒப்பந்த மீறலால் எழும் கடமைக்குத்தான் அபராத விதி பொருந்தும் என்று டென்காவே சொல்கிறது. நிறுவனம் அந்த வழியாகத் தப்பப் பார்க்கும். ஷரத்தின் பெயரைப் பார்க்காமல் அதன் சாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது நம் பதில். இயந்திரத்தையும் பிடுங்கிக்கொண்டு அதற்கான வாடகையையும் கேட்பது வெறும் தேதி மாற்றமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். 'பலவீனம்' என்று தலைப்புப் போட்டு இதை எழுதுங்கள்.

மூன்றாம் ஆண்டு: சீனியருக்குப் பலவீனத்தையும் எழுதிக் கொடுப்பதா?

பழைய வக்கீல்: வேறு யாருக்கு எழுதுவது?