அந்தப் பெட்டி எத்தனை மணிக்கு உள்ளே போனது? பேக்கிங் லைனில் லிட்டில் விதி: உங்கள் அனுபவங்கள்

பீன்யா பேக்கிங் (பெங்களூரு)

இரண்டு வருடம் ஆகியும் ஒரு பெட்டி என் மனதை விட்டுப் போகவில்லை. பீன்யாவில் ஊதுபத்தி பேக்கிங். லைன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: முதலில் தேதி அச்சிடும் மெஷின், பிறகு நிரப்பும் மேஜைகள், ஷ்ரிங்க் மெஷின், கடைசியில் சரிபார்க்கும் மேஜை. ஒரு ட்ராலிக்கு 12 பெட்டி.

மதியம் 1:10. சரிபார்க்கும் மேஜையில் இருந்த பெண் ஒரு பெட்டியை என் கையில் வைத்து, "சார், மாதம் தப்பாக அச்சாகியிருக்கிறது" என்றாள். நான் உடனே தேதி மெஷினுக்கு ஓடினேன். அங்கே இருந்தவன், "இப்போதுதான் சார் சரிபார்த்தேன், ஏதோ ஒன்றிரண்டு இருக்கும்" என்றான். ஒரு பெட்டிக்கு நிரப்புவது முதல் ஷ்ரிங்க் வரை மொத்தமே 12 நிமிட வேலைதான். அதனால் தவறு 12 நிமிடத்துக்கு முன்னால் நடந்திருக்கும் என்று நானும் நம்பினேன்.

மெயின்டெனன்ஸில் வயதான ஓர் அண்ணன் இருந்தார். அவர் எதுவும் கேட்காமல் லைன் ஓரமாக நடந்து ட்ராலிகளை எண்ணினார். 60 ட்ராலி, அதாவது 720 பெட்டி. "மணிக்கு 240 வெளியே போகிறது. அப்படியானால் இந்தப் பெட்டி உள்ளே வந்து 3 மணி நேரம் ஆகிறது, தம்பி. காலை 10:10க்கு மெஷினில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்" என்றார். உள்ளே நிற்பதை வெளியே போகும் வேகத்தால் வகுத்தால் சராசரியாகத் தங்கும் நேரம் வரும்: இதுதான் லிட்டில் விதி. 10 மணிக்கு ஆபரேட்டர் டீ குடிக்கப் போனபோது இன்னொருவன் உட்கார்ந்து, மை மாற்றி, மாதத்தையும் மாற்றி வைத்திருக்கிறான். சொல்லி வைத்தாற்போல் பொருந்தியது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்ற 720 பெட்டிகளும் அதே தவறோடு நின்றன. இரவு 9 மணி வரை பிரித்தோம்.

முதலாளி இன்னொரு சரிபார்க்கும் மேஜை போடச் சொன்னார். நான் வேறு வழியில் போனேன். 20 தகரத் தகடுகள் வெட்டினேன். தகடு மாட்டாத ட்ராலி லைனுக்குள் வரக்கூடாது. கடைசி மேஜையில் ட்ராலி காலியானால் தகடு திரும்ப முன்னால் போகும். 240 பெட்டிதான் உள்ளே நிற்கும். வெளியே போகும் எண்ணிக்கை மணிக்கு 240 ஆகவே இருந்தது. தங்கும் நேரம் 1 மணி நேரமாக இறங்கியது.

ஆசை யாரை விட்டது. ஒரு நாள் தகட்டை 4 ஆக்கினேன். 12 நிமிடத்துக்கு நிமிடம் 4 பெட்டி என்றால் 48 போதும் என்று கணக்கு. அன்று மணிக்கு 180தான் வந்தது. 20க்கும் 4க்கும் நடுவில் சரியான எண் எது என்று எனக்கு இன்றும் தெரியாது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

பிவண்டி கிடங்கு (மும்பை)

எனக்கு நேர்ந்தது நேர்மாறானது. ஆன்லைன் ஆர்டர்களைப் பேக் செய்யும் கிடங்கு, பிவண்டியில். நான் திருநெல்வேலிக்காரன், வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். பெரிய மேனேஜர் வந்திருந்த கூட்டத்தில், லைனில் 900 பொருட்கள் நிற்கின்றன, மணிக்கு 100 ஆர்டர் போகிறது, ஆகவே ஓர் ஆர்டருக்கு 9 மணி நேரம் ஆகிறது என்று பலகையில் எழுதிவிட்டேன். அவர் கையிலிருந்த ஸ்லிப்பைக் காட்டினார். ஆர்டர் வந்தது 11 மணி, போனது 2 மணிக்குக் கொஞ்சம் முன்பு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓர் ஆர்டரில் சராசரியாக 3 பொருள் இருந்தது. 900 பொருள் என்பது 300 ஆர்டர். 300ஐ 100ஆல் வகுத்தால் 3 மணி நேரம். எண்ணியதும் வெளியே போனதும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

பீன்யா நண்பருக்கு ஒன்று சொல்வேன். விதி மிக எளிது: உள்ளே நிற்பதைக் குறைத்தால் நேரம் குறையும், எங்கும் பலிக்கும். உங்கள் 4 தகடு பலிக்காததற்குக் காரணம் ஆட்கள் மெதுவாக வேலை செய்ததுதான். அன்று யார் யார் எந்த மேஜையில் இருந்தார்கள் என்று பாருங்கள்.

ஜாலஹள்ளி, ஓய்வு பெற்றவன் (பெங்களூரு)

பிவண்டித் தம்பி, உங்கள் அலகுக் கணக்கு சரி. ஆட்கள் மேல் பழி போட்டது சரியில்லை. நேரம் குறையவும் செய்தது, கவனியுங்கள்: 48 பெட்டி, மணிக்கு 180, அதாவது நிமிடத்துக்கு 3. தங்கிய நேரம் 16 நிமிடம். விதி பிசகவில்லை. அது மூன்று எண்களைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். ஒன்றைக் குறைத்தால் மற்ற இரண்டில் எது அசையும் என்று அது சொல்லாது. அதை லைன் சொல்லும்.

லைனில் என்ன நடந்திருக்கும்? ஷ்ரிங்க் மெஷினில் பிலிம் ரோல் மாற்ற ஐந்து நிமிடம் என்று வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு ட்ராலியும் அதன் முன்னால் வந்து தேங்கிவிடும். கடைசி மேஜை காலியாக நிற்கும், தகடு திரும்பாது, தேதி மெஷினும் நிற்கும். ரோல் மாற்றி முடித்ததும் அந்தத் தேக்கம் கரையும். அடுத்து நிரப்பும் மேஜையில் ஒருவர் எழுந்து போனால் ஷ்ரிங்க் மெஷினே வெறுமனே சுடும். 48 என்பது எதுவும் தடுமாறாத லைனுக்கான கணக்கு. அப்படி ஒரு லைனை நான் முப்பது வருடத்தில் பார்த்ததில்லை. வாரத்துக்கு இரண்டு தகடாகக் குறைத்து வாருங்கள். ஷ்ரிங்க் மெஷின் வேலையில்லாமல் நிற்கும் நிமிடங்களை மட்டும் ஒரு சாக்பீஸால் குறித்து வையுங்கள். அது ஏறத் தொடங்கும் எண்ணுக்குச் சற்று மேலே நில்லுங்கள்.

இன்னொன்று. 10:10 என்று அண்ணன் சொன்னது பலித்ததற்கு விதி மட்டும் காரணமில்லை. விதி தருவது சராசரி. உங்கள் ட்ராலிகள் வரிசை மாறாமல் நகர்ந்தன, வேகமும் சீராக இருந்தது. அதனால் ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கும் பொருந்தியது. கடைசியாக வந்த ட்ராலியை முதலில் இழுக்கும் லைனாக இருந்தால் சராசரி அதே 3 மணி நேரமாக இருக்கும், அந்தப் பெட்டி மட்டும் 20 நிமிடத்துக்கு முன்னால் வந்ததாகவும் இருக்கலாம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் என் ஷிப்ட் ஆட்களுக்கு நான் கொடுத்து வந்த பயிற்சியை எழுதிவிடுகிறேன். நான்கு பெட்டிகளுக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள், கடிகாரத்தைப் பார்த்து உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எழுதுங்கள். எங்களுக்கு ஒருமுறை வந்தது இப்படி: முதல் பெட்டி 0இல் வந்து 8இல் போனது, இரண்டாவது 2இல் வந்து 10இல், மூன்றாவது 6இல் வந்து 16இல், நான்காவது 10இல் வந்து 20இல். தங்கிய நிமிடங்கள் 8, 8, 10, 10. மொத்தம் 36. பெட்டிக்குச் சராசரி 9 நிமிடம்.

இப்போது அதே தாளில் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே எத்தனை நூல் பெட்டி இருந்தது என்று எண்ணிக் கூட்டுங்கள். அதுவும் 36தான். 20 நிமிடத்தால் வகுத்தால் சராசரியாக 1.8 பெட்டி உள்ளே இருந்தது. வெளியேறியது 20 நிமிடத்தில் 4, அதாவது நிமிடத்துக்கு 0.2. அதை 9ஆல் பெருக்குங்கள்: 1.8. வருகைப் பதிவேட்டை நெடுக்காகக் கூட்டினாலும் குறுக்காகக் கூட்டினாலும் ஒரே மொத்தம் வருவது போலத்தான் இது. L = λW, அதாவது உள்ளே நிற்பது = வெளியேறும் வேகம் × தங்கும் நேரம், என்று எழுதிப் பயமுறுத்துவதற்கு முன்பு இந்தத் தாளைக் காட்டினால் போதும், யாருக்கும் மறக்காது. பலர் நிரூபிக்காமலே பயன்படுத்தி வந்த இந்தச் சூத்திரத்துக்கு ஜான் லிட்டில் 1961இல் நிரூபணம் எழுதினார்.

ஓக்லா ஆயத்த ஆடை (டெல்லி)

என் கேள்வி டேப் மெஷின் பற்றியது. தீபாவளி நேரத்தில் டேப் ஒட்டுவதில் தாமதம் என்று வேகமான மெஷின் வாங்கினோம். ஒரு பெட்டிகூடக் கூடுதலாகப் போகவில்லை. பணம் போனதுதான் மிச்சம்.

ஐயா சொல்லும் விதி எங்களிடம் பொய்த்தது என்பதையும் பதிவு செய்கிறேன். காலை 8 மணிக்கு உள்ளே 300 பெட்டி, மாலை 6 மணிக்கு 900. மணிக்கு 60 வெளியே போனது. காலைக் கணக்குப்படி 5 மணி நேரம், மாலைக் கணக்குப்படி 15 மணி நேரம். லாரிக்காரரிடம் நான் எதைச் சொல்வது? அவர் என் மேஜை மேல் சாவியை வீசிவிட்டு, "முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜாலஹள்ளி, ஓய்வு பெற்றவன்

ஓக்லா நண்பரே, 10 மணி நேரத்தில் 600 பெட்டி கூடியிருக்கிறது என்றால் மணிக்கு 120 உள்ளே வந்திருக்கிறது, 60தான் வெளியே போயிருக்கிறது. உள்வருவதும் வெளிப்போவதும் சமமாக இல்லாத நாளில், நடுவில் ஒரு நொடியில் எண்ணி வகுப்பது சராசரி ஆகாது. லைன் காலியாகத் தொடங்கிக் காலியாக முடியும் காலத்தை எடுத்தால் நடுவில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பொருந்தும். நூல் பெட்டித் தாளில் அப்படித்தான் பொருந்தியது.

லாரிக்காரரிடம் 15 என்றே சொல்லியிருக்கலாம். மாலை 6க்கு உள்ளே வரும் பெட்டிக்கு முன்னால் 900 நிற்கிறது, மணிக்கு 60 போகிறது. வரிசை மாறாமல், வேகம் மாறாமல் இருந்தால் அதுதான் அதன் காத்திருப்பு. டேப் மெஷினைப் பற்றி: உங்கள் 900 பெட்டியும் எந்த மேஜைக்கு முன்னால் குவிந்திருந்தன?

ஓக்லா ஆயத்த ஆடை

மடிக்கும் மேஜைக்கு முன்னால். டேப் மெஷின் பக்கம் எதுவும் இல்லை. இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

சரிபார்க்கும் மேஜைக்காரி (பெங்களூரு)

நான் வேறொரு கம்பெனியில் அதே வேலை செய்கிறேன். தகடு, சராசரி எல்லாம் சரி. நான் தள்ளிவிடும் பெட்டிகளை நீங்கள் எண்ணுவதுண்டா? எங்கள் இடத்தில் ஒட்டு சரியில்லாத பெட்டிகளை ஓரத்தில் அடுக்கி வைப்பார்கள். அவற்றுக்குத் தகடும் கிடையாது, ட்ராலியும் கிடையாது. மாலையில் யாருக்காவது நேரம் கிடைத்தால் திரும்ப லைனில் ஏறும்.

ஒருநாள் நானே 100 பெட்டியை எழுதி வைத்தேன். 95 பெட்டி 45 நிமிடத்தில் போய்விட்டது. 5 பெட்டி 5 மணி 45 நிமிடம் கிடந்தது. கூட்டி வகுத்தால் சரியாக 60 நிமிடம். "ஒரு மணி நேரம், அருமை" என்று சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரம் எடுத்த பெட்டி அந்த நூறில் ஒன்றுகூட இல்லை. திருப்பி அனுப்பச் சொல்லி வாடிக்கையாளர் சத்தம் போட்டது அந்த ஐந்தில் ஒன்றுக்கு.

பிவண்டி கிடங்கு

அப்படியென்றால் ஓரத்தில் கிடப்பதை லைனுக்கு வெளியே என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுத்தமாக இருக்குமே?

ஜாலஹள்ளி, ஓய்வு பெற்றவன்

கணக்கு சுத்தமாகத்தான் இருக்கும். எல்லையை எங்கே போட்டாலும், நிற்பதையும் போவதையும் அதே எல்லைக்குள் எண்ணினால் விதி பொருந்தும். அந்த எல்லை தருவது லைனில் கழிந்த நேரம். வாடிக்கையாளருக்குத் தேவை அது இல்லை.

பீன்யா பேக்கிங்

அந்தச் சகோதரி எழுதியதைப் படித்ததும் ஷிப்ட் நடுவிலேயே போய்ப் பார்த்தேன். எங்கள் ஷ்ரிங்க் மெஷினுக்குப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம், 38 பெட்டி இருக்கிறது. இரண்டு வருடமாக 240 என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் அவை இல்லை. மேலே இருந்த பெட்டியில் தூசி படிந்திருந்தது. நாளை அதற்கும் நூல் கட்டுகிறேன்.