ஸ்பெக்ட்ரல் லீக்கேஜ்: ‘கசிவு’ பொருந்துமா?

கப்பலூர், நூற்பாலைப் பராமரிப்பு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலை ஃபிட்டர்களுக்காக அதிர்வுச் சோதனை பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். ஸ்பெக்ட்ரத்துக்கு ‘அலைமாலை’ என்று போட்டுவிட்டேன். ‘நிறமாலை’ என்றால் மோட்டாரில் நிறம் எங்கே என்று கேட்பார்கள். ‘அலைக்கற்றை’ செல்போன் ஏலத்தோடு போய்விட்டது. ஸ்பெக்ட்ரல் லீக்கேஜுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

மோட்டார் நிமிடத்துக்கு 1470 சுற்று, அதாவது நொடிக்கு 24.5. ஒரு நொடி பதிவெடுத்து, அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே மாற்றம் செய்தால் 24-லும் 25-லும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இரண்டு கோடுகள். இரண்டு பக்கமும் மெல்ல இறங்கும் சரிவு. அதே படத்தில் 50-ல் கரண்ட் இரைச்சல் மட்டும் ஒற்றைக் கோடாக நிற்கிறது. “ரெண்டு வேகத்துலயா ஓடுது?” என்று ஃபிட்டர் தம்பி கேட்கிறார். இந்தச் சரிவுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

திருப்பரங்குன்றம், பொறியியல் மாணவி

சார், நாங்கள் ‘கசிவு’ என்றே சொல்கிறோம். ஆனால் நொடிக்கு 1000 மாதிரிகள் எடுப்பதை 5000 ஆக்கினால் நுணுக்கம் கூடி, சரிவே போய்விடுமே?

மேலூர், ஓய்வுபெற்ற பேராசிரியர்

நுணுக்கம் கூட வேண்டும் என்பது சரிதான் அம்மா. ஆனால் கோடுகளின் இடைவெளியைத் தீர்மானிப்பது பதிவின் நீளம். ஒரு நொடி பதிவென்றால் 1 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு. 5000 மாதிரி எடுத்தால் படம் 500-லிருந்து 2500 ஹெர்ட்ஸ் வரை வலப்பக்கம் நீளும். 24-க்கும் 25-க்கும் நடுவில் எதுவும் முளைக்காது. இரண்டு நொடி பதிவெடுங்கள், 24.5-க்கென்றே ஒரு கோடு வந்துவிடும்.

சரிவு வரும் காரணத்தைப் பாருங்கள். இந்தக் கணக்கு, பதிவுத் துண்டு திரும்பத் திரும்ப வருவதாக எடுத்துக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு நொடியில் 50 முழு அலை. முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்கின்றன. 24.5-க்கு அரை அலை மிஞ்சுகிறது, ஒட்டும் இடத்தில் வெட்டு விழுகிறது. அந்த வெட்டைக் காட்ட எல்லாக் கோடுகளும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. அதனால் 24, 25 இரண்டுமே உண்மை வீச்சில் சுமார் 64 சதவீதம்தான் காட்டும். கோட்டின் உயரத்தை அப்படியே வீச்சு என்று எழுதிவிடாதீர்கள்.

மொத்த ஆற்றல் மட்டும் குறையவில்லை, எல்லாக் கோடுகளிலும் சேர்த்தால் அப்படியே இருக்கிறது. ‘கசிவு’ என்றால் ஏதோ வெளியேறிப் போன எண்ணம் வரும். ‘சிதறல்’ ராமன் விளைவோடு சேர்ந்துவிட்டது. காரணத்தைச் சொல்லும் ‘வெட்டுப்பரவல்’ என்பதை முன்வைக்கிறேன்.

சோழவந்தான், நாகசுரக் கலைஞர்

ஐயா, செல்போன் செயலியில் என் வாசிப்பைப் பார்த்தேன். ஷட்ஜத்தை நேராகப் பிடித்தால் மெல்லிய கோடு. தோடியில் காந்தாரம் பிடித்தால் அகலமான மேடு. இதுவும் வெட்டுப்பரவல்தானா?

மேலூர், ஓய்வுபெற்ற பேராசிரியர்

இது வேறு தம்பி. தோடிக் காந்தாரம் கமகத்தில் அசைகிறது, அதிர்வெண்ணே நகர்கிறது. அந்த மேடு உங்கள் வாசிப்பில் உள்ளதுதான். பதிவை நீட்டிப் பாருங்கள்: வெட்டால் வந்த அகலம் ஒடுங்கும், கமகத்தால் வந்தது ஒடுங்காது.

கப்பலூர், நூற்பாலைப் பராமரிப்பு

ஐயா, இரண்டு நொடி யோசனை ஆலையில் நிலைக்காது. சுமை ஏறினால் 1470 கொஞ்சம் இறங்கும், கோட்டுக்கு நடுவில் போய் விழும். சின்னக் கோளாறு சரிவில் மூழ்கிவிடும் என்பதுதான் என் பயம்.

கணினியில் செய்து பார்த்தேன். 24.5-ல் வீச்சு 1, 37-ல் வீச்சு 0.01. மோட்டாரின் சரிவு 37-ஐத் தொடும்போதும் கிட்டத்தட்ட 0.025 இருக்கிறது, அதனால் சின்ன அதிர்வு தனியாகத் தெரியவில்லை. பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தேய்த்துப் பூஜ்யமாக்கும் ஹான் சாளரத்தைப் போட்டதும் சரிவு அங்கே 0.001-க்கும் கீழே போய், 37 தனியாக எழுந்து நின்றது. ஆனால் மோட்டாரின் மேடு 23 முதல் 26 வரை தடித்துவிட்டது. 25.5-ல் ஒரு கோளாறு இருந்தால் ஹான் அதைக் காட்டாது, நீண்ட பதிவுதான் வேண்டும்.

அண்ணா நகர், மொழிபெயர்ப்பாளர்

‘கசிவு’ போதும் என்பேன். பானையில் கசிந்த தண்ணீர் தரையில்தான் இருக்கிறது, காணாமல் போவதில்லை. ஃபிட்டர் வாயில் ‘வெட்டுப்பரவல்’ நுழையாது.

திருப்பரங்குன்றம், பொறியியல் மாணவி

ஐயா, ஒரு சந்தேகம். ஹான் போட்டால் முனைகளில் வெட்டே இல்லை. ஆனாலும் மேடு நான்கு கோட்டில் பரவித்தானே நிற்கிறது? அதையும் வெட்டுப்பரவல் என்பதா?

மேலூர், ஓய்வுபெற்ற பேராசிரியர்

நல்ல கேள்வி. பதிவுக்கு ஒரு முடிவு இருக்கும்வரை ஏதோ ஒரு பரவல் இருக்கும். தடித்த மேட்டுக்கும் தூரத்துச் சரிவுக்கும் ஒரே சொல் போதுமா என்பதே இப்போது எனக்கு ஐயம்.

கப்பலூர், நூற்பாலைப் பராமரிப்பு

சரி, முதல் பதிப்பில் தூரத்துச் சரிவுக்கு மட்டும் ‘அலைமாலைக் கசிவு’ என்று போடுகிறேன். தடித்த மேட்டுக்கு யாராவது சொல் தாருங்கள்.