ஆடியில் இரண்டு கிருத்திகை: அப்பாவின் அறுபதாம் கல்யாணம் எந்த நாளில்?

வணக்கம். அப்பா பிறந்தது 1965, விசுவாவசு வருஷம், ஆடி மாசம், கிருத்திகை. அதே விசுவாவசு இப்போது 2025-ல் திரும்பி வந்திருப்பதால் சஷ்டியப்த பூர்த்தியைத் திருக்கடையூரில் வைக்கலாம் என்று இருக்கிறோம். ஆங்கிலத் தேதி எங்களுக்கு வேண்டாம், மாசமும் நட்சத்திரமும் சேரும் நாள்தான் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நட்சத்திரம் இருபத்தேழேகால் நாளில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது, இந்த ஆடிக்கோ 31 நாள். அதனால் ஜூலை 20 (ஆடி 4) ஒரு கிருத்திகை, ஆகஸ்ட் 16 (ஆடி 31) இன்னொன்று.

ஒரே மாசத்தில் இரண்டு வந்தால் பின்னால் வருவதையே எடுக்க வேண்டும் என்கிறார் எங்கள் வாத்தியார். சரி என்று திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பிரித்தால், ஆகஸ்ட் 16 அன்று பரணி முடிந்து கிருத்திகை தொடங்குவதே சூரிய உதயத்தை ஒட்டித்தான், மறுநாள் விடியும் முன்பே முடிந்தும் விடுகிறது. ஜூலை 20-ல் அந்தத் தொல்லை இல்லை, விடியும்போதே கிருத்திகை, இரவு வரை நிற்கிறது. வீட்டில் இருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் நேரம் வேறு மாதிரி இருக்கிறது. செல்போன் செயலி முதல் நாளை மட்டும் காட்டுகிறது. பெரியப்பாவும் முதல் நாள்தான் என்கிறார்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். இரண்டாவது நட்சத்திரம் உதயத்தில் சரியாக நிற்காதபோது, உங்கள் வீடுகளில் முதல் நாளை எடுப்பீர்களா, இரண்டாவதையா?