பிரிவுபசார கேலிச்சித்திரம்: மூக்கை எவ்வளவு நீட்டலாம்?

சுந்தரி: எங்க ஆபீஸ் கணக்கர் இந்த மாசம் ரிட்டயர் ஆகிறார். நீளமான மூக்கு, முன்பல் கொஞ்சம் எடுப்பு, எப்பவும் நெத்தியில ஏத்திவிட்ட கண்ணாடி. படத்தைப் பார்த்ததும் எல்லாரும் சிரிக்கணும், அவர் மனசும் நோகக்கூடாது. எதைப் பெரிசாக்கலாம்?

ராவ்: நேரு, கார்ட்டூனிஸ்ட் சங்கர்கிட்ட "என்னை விட்டுவைக்காதே"ன்னே சொன்னார். கேலிச்சித்திரம்னா தயவுதாட்சண்யம் கூடாது. பல்லையும் சேர்த்துப் போடுங்க.

கோட்டுக்காரர்: நேரு பிரதமர், அவரே கேட்டுக்கிட்டார். இந்தக் கணக்கர் கேட்கலையே. கண்ணாடியில ஆரம்பிங்க. அது அவரே வச்சுக்கிட்ட பழக்கம், எவ்வளவு பெரிசானாலும் சிரிப்பார். மூக்கை நேரா நீட்ட வேண்டாம். அதை அப்படியே விட்டுட்டு தாடையையும் வாயையும் சின்னதாக்குங்க, தானா நீளமாத் தெரியும். சாயல் உறுப்போட அளவைவிட அதுகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் இருக்கு. தீப்பெட்டி அளவுல அஞ்சாறு துண்டுப்படம் போட்டு, தள்ளி நின்னு பார்த்தாலும் ஆள் தெரியறதை எடுங்க.

மணிமேகலை: தனிமனுஷங்களை இப்படி வளைக்கவே கூடாதுங்க. லேசா ஒரு பத்துல ஒரு பங்கு கூட்டினாப் போதும், பாதுகாப்பு.

கோட்டுக்காரர்: ஆளைப் பார்த்து அளவைக் குறைக்கணும்ங்கறது சரிதான். ஆனா எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டினா அது கேலிச்சித்திரமாவும் இருக்காது, உருவப்படமாவும் இருக்காது. "வரையத் தெரியாம மூக்கைக் கெடுத்துட்டாங்க"ன்னுதான் தோணும். அது இன்னும் நோகும். ஒண்ணை நல்லாத் தூக்குங்க, மத்ததை அடக்குங்க.

புண்படுத்தறது பெரும்பாலும் சின்னக் கோடுதான். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவுல கோடு போட்டா பல் சொத்தை மாதிரி ஆயிடும். வெள்ளைப் பட்டையா விட்டு, நடுக்கோடு மட்டும் லேசா வைங்க. மூக்கோரத்திலேர்ந்து வாய்க்கு இறங்கற மடிப்பை அழுத்தினா பத்து வயசு கூடிடும். வாயோட ஒரு முனை மட்டும் மேலே போனா ஏளனம். ரெண்டு முனையும் ஏறி, கீழ் இமையும் கொஞ்சம் தூக்கினாத்தான் அது உண்மையான சிரிப்பு.

சுந்தரி: அப்போ பல்லை வரையவா, விடவா?

மணிமேகலை: விட்டுடுங்க. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டுப் புளிச்ச கேலியா இருக்கும்.

கோட்டுக்காரர்: வாயை மூடி வரைஞ்சா மறைக்கிறாங்கன்னு அவருக்கே தெரியும். சிரிச்ச முகமா வரைஞ்சு, இருக்கிற அளவுலயே விடறதுதான் என் கட்சி.

ராவ்: சிரிக்க வைக்கணும்னா பல் வேணும்.

கோட்டுக்காரர்: அவரோட பல வருஷம் பழகினவங்ககிட்ட பென்சில் படத்தைக் காட்டுங்க. "யாருன்னு தெரியுதா"ன்னு கேட்காதீங்க, "இவர் இப்ப என்ன மனநிலையில இருக்கார்"னு கேளுங்க. "அசடு வழியுது", "கோபமா இருக்கார்"னு பதில் வந்தா, மை போடறதுக்கு முன்னாடி கண்ணையும் வாயையும் திருத்துங்க.

சுந்தரி: பக்கத்து சீட் அக்காகிட்ட நாளைக்குக் காட்டறேன். பல்லோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு.