பயாஸ் திரை சுத்தமாக இருந்தால் வீடியோ நினைவகம் நலமாக இருக்கிறதா?

நிலாவேட்டை: என்னிடம் 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. பெரிய ஆட்டங்களில் பத்து நிமிடம் கழித்துச் சதுரங்கப் பலகை போல வண்ணக் கட்டங்கள் திரையை நிறைக்கின்றன. கணினி தொடங்கும்போது பயாஸ் திரையில் ஒரு புள்ளிகூடத் தப்பாக இல்லை. நினைவகம் போய்விட்டதா, டிரைவர் கோளாறா, சூடா?

செங்குட்டுவன்: பயாஸ் திரை சுத்தம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு என்ன சந்தேகம்? நினைவகம் கெட்ட கார்டு முதல் திரையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் கழித்து வருகிறது என்றால் அது சூடு. சூடு இல்லையென்றால் டிரைவர். DDU கொண்டு பழைய டிரைவரை வேரோடு நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

பழுதுமேசை: இந்தத் தவறான விதியைச் செங்குட்டுவன் எத்தனை முறை இங்கே எழுதுவார் என்று தெரியவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920×1080 அளவுள்ள ஒரு திரைக்குப் புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 8 எம்பி போதும். அவருடைய கார்டில் இருப்பது 8 ஜிபி. அதாவது பயாஸ் திரை தொட்டுப் பார்ப்பது நினைவகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே. அதுவும் ஆட்டத்தின்போது ஓடும் முழு வேகத்தில் அல்ல, ஓய்வு நேரத்தின் குறைந்த வேகத்தில். பயாஸ் திரையிலேயே கட்டங்கள் தெரிந்தால் டிரைவர் மீது பழி போட முடியாது, ஏனென்றால் அப்போது டிரைவரே ஏறியிருக்காது. ஆனால் திரை சுத்தமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அந்தச் சான்று ஒரு திசையில் மட்டுமே செல்லும்.

செங்குட்டுவன்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆயிரத்தில் ஒரு பங்கு சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும். நான் கையால் தொட்டுப் பார்த்த கார்டுகளில், நினைவகம் கெட்டவை எல்லாமே பயாஸ் திரையில் காட்டின.

பழுதுமேசை: பானையில் எல்லாச் சோறும் ஒரே நீரில் வேகிறது. கார்டில் சில்லுகள் தனித்தனியாக இருக்கின்றன. எட்டில் ஒன்று மட்டும் கெடலாம், அந்த ஒன்றிலும் ஒரு மூலை மட்டும் கெடலாம். கட்டங்கள் ஏன் இத்தனை ஒழுங்காக வருகின்றன என்று நீங்கள் யோசித்ததுண்டா? படத்தின் தரவு தொடர்ச்சியாக ஒரே சில்லில் எழுதப்படுவதில்லை. சிறு துண்டுகளாக எல்லாச் சில்லுகளுக்கும் மாறி மாறிப் பங்கிடப்படுகிறது. ஆகவே ஒரு சில்லு பிசகினால், அதற்கு உரிய துண்டுகள் மட்டும் சீரான இடைவெளியில் நிறம் மாறுகின்றன. நிலாவேட்டை சொல்லும் பலகை இப்படித்தான் உருவாகிறது. டிரைவர் பிழை பெரும்பாலும் ஒரே ஆட்டத்தில், ஒரே இடத்தில், ஒரே வகைப் பொருளின் மீது வரும். பல ஆட்டங்களில் திரை முழுவதும் பரவும் கட்டத்தை டிரைவரிடம் முதலில் தேடுவது வீண்.

யாழினி: எனக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. பாத்திரத்தின் முடியிலும், தூரத்து மரங்கள் மறையும்போதும் சிறு சிறு புள்ளிக் கட்டங்கள் தெரிகின்றன. புதுக் கார்டுதான் வாங்க வேண்டுமா?

பழுதுமேசை: வேண்டாம், உங்களுடையது கோளாறே இல்லை. ஒரு பொருளைப் பாதி ஊடுருவித் தெரியும்படி காட்ட, ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை வரையாமல் விடும் உத்தியைப் பல ஆட்டங்கள் கையாளுகின்றன. அந்தப் புள்ளிகள் முடியிலும் இலையிலும் மட்டும் தெரியும், நிறம் மாறாது, மெனுவுக்கு வந்தால் இருக்காது.

செங்குட்டுவன்: யாழினிக்குக் கோளாறே இல்லை, நிலாவேட்டைக்கு மட்டும் நினைவகம் போய்விட்டது. கார்டைக் கண்ணால் பார்க்காமலே தீர்ப்பு எழுதும் வல்லமை எங்களுக்கெல்லாம் வாய்க்கவில்லை. சென்ற முறை இதே உறுதியோடு பவர் சப்ளை என்றீர்கள், கடைசியில் அது தளர்ந்த கேபிள்.

பழுதுமேசை: அங்கே படம்பிடித்த ஸ்கிரீன்ஷாட்டில் கட்டம் இல்லை என்று கேட்டவர் மூன்றாவது நாள்தான் சொன்னார். ஸ்கிரீன்ஷாட்டில் பதியாத கட்டம் கேபிளிலோ மானிட்டரிலோ பிறப்பது என்று அப்போதே எழுதினேன், பழைய பதிவைத் திறந்து பாருங்கள். நிலாவேட்டை, உங்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரவு முழுவதும் கணினியை அணைத்து வையுங்கள். காலையில் திறந்ததும், எந்த ஆட்டத்தையும் தொடாமல், memtest_vulkan நிரலை ஓடவிட்டு முதல் நிமிடத்தில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். அடுத்து டிரைவரை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். இறுதியாக நினைவகத்தின் வேகத்தை 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டுங்கள்.

நிலாவேட்டை: மூன்றையும் செய்தேன். காலையில் கார்டின் மையச் சில்லு 34 டிகிரியில் இருந்தது, ஒரு நிமிடம் ஆவதற்குள் பிழைகள் வந்தன. DDU கொண்டு நீக்கிவிட்டுப் பழைய டிரைவரைப் போட்டும் அதே பிழைகள். வேகத்தைக் குறைத்ததும் ஐந்து நிமிடச் சோதனை பிழையின்றி முடிந்தது. இவ்வளவுக்கும் பயாஸ் திரை இன்றும் சுத்தமாகவே இருந்தது.

செங்குட்டுவன்: நான் சொன்னதையே நீங்கள் நிரூபித்திருக்கிறீர்கள். வேகத்தைக் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்ததால் பிழை நின்றது. மையச் சில்லின் 34 டிகிரி, நினைவகச் சில்லின் சூட்டைச் சொல்லாது. தெர்மல் பேட் காய்ந்து போயிருந்தால் நினைவகம் தனியாகக் கொதிக்கும். மேலும், பயாஸ் திரை சுத்தம் என்பதை இன்றைக்கும் அவரே உறுதிசெய்கிறார்.

பழுதுமேசை: மைய அளவீடு நினைவகத்தின் சூட்டைச் சொல்லாது என்பது உண்மை, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் இரவெல்லாம் அணைந்து கிடந்த கார்டின் எந்தச் சில்லும் ஒரே நிமிடத்தில் கொதிநிலைக்குப் போவதில்லை. குளிர்ந்த நிலையிலேயே பிழை வந்தபின் சூட்டை முதல் காரணமாகச் சொல்ல இடமில்லை. பத்து நிமிடக் கணக்கும் சூட்டின் கணக்காக இருக்க வேண்டியதில்லை; ஆட்டம் தன் படங்களை ஏற்றி நினைவகத்தை நிரப்பிக் கெட்ட பகுதியை எட்ட அவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம். வேகம் குறைந்ததும் நின்றது என்பது, அந்தச் சில்லோ அதற்குச் செல்லும் வழியோ முழு வேகத்தைத் தாங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. சில்லா, அதன் அடியிலுள்ள சால்டரா, மையச் சில்லுக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியா என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது.

செங்குட்டுவன்: எல்லோரும் இதைக் கவனியுங்கள். நினைவகம் என்று நான்கு பதிவுகளாக முழங்கியவர், இப்போது சால்டராகவும் இருக்கலாம் என்கிறார்.

பழுதுமேசை: மூன்றுமே வன்பொருள். கேட்டவருக்குத் தேவைப்பட்ட விடை, டிரைவர் அல்ல, வெறும் சூடும் அல்ல என்பது. அதிலிருந்து நான் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

கரிமலர்: என் பழைய கார்டில் இதே கட்டங்கள் வந்தபோது, மின்னடுப்பில் வைத்துச் சூடாக்கி எடுத்தேன். மூன்று வாரம் அருமையாக ஓடியது.

பழுதுமேசை: நான்காவது வாரம் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். விரிசல் விட்ட இணைப்பு சூட்டில் சற்றே ஒட்டி, மீண்டும் விட்டுப்போகும். நிலாவேட்டை இதைப் படித்துவிட்டு அப்படி எதுவும் செய்துவிட வேண்டாம். உத்தரவாதம் மீதியிருந்தால், சோதனை முடிவைப் படம்பிடித்து இணைத்து அனுப்புங்கள். இல்லையென்றால் குறைத்த வேகத்திலேயே ஓட்டுங்கள், எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

செங்குட்டுவன்: தெர்மல் பேடை மாற்றிப் பார்க்காமல் கார்டை அனுப்பச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை. பயாஸ் திரை சுத்தமாக இருக்கும் கார்டு அது.

நிலாவேட்டை: உத்தரவாதம் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பேடை மாற்றக் கார்டைத் திறந்தால் அது செல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன், அதனால் திறக்கவில்லை.

செங்குட்டுவன்: திறக்காமல் சூடு இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?