ஒக்கிப் புயல் நாள் சிறுகதை: கடலோர நண்பர்கள் திருத்தித் தரவும்

2017 நவம்பர் 30. குமரி மாவட்டம் வள்ளவிளைக் கரையில் பத்து வயதுப் பையன், முந்தின சாயங்காலம் வள்ளத்தில் போன அப்பாவுக்காக நிற்கிறான். கதை அவ்வளவுதான். ஆழ்கடல் விசைப்படகு வேண்டாமென்று வைத்தேன். அது வாரக்கணக்கில் கடலில் தங்கும், திரும்புவதும் துறைமுகத்துக்குத்தான். வள்ளம் மறுநாள் காலை கரையேற வேண்டியது, அதனால் காத்திருப்பு பொருந்தும்.

முதல் வரைவில் கடற்காற்று அவன் முகத்தில் அறைந்தது. அது பிழை. புயலின் மையம் குமரிக்குத் தெற்கே மேற்கு நோக்கி நகர்ந்தது. நம் பக்கத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையத்துக்கு வடக்கே உள்ள கரையில் காற்று கிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். காற்று அவன் முதுகில்தான் அடிக்க வேண்டும். வள்ளம் திரும்ப முடியாததற்கும் அதுவே காரணம்: எதிர்காற்றில் எஞ்சினை ஓட்டினால் எண்ணெய் தீரும், நின்றால் மேற்கே இழுத்துப்போகும். அந்தப் புயலில் பல படகுகள் லட்சத்தீவு வரை போய் ஒதுங்கின.

எனக்குத் தெரிய வேண்டியவை: எஞ்சின் நின்றதும் அணியத்தை அலைக்கு நேராக வைக்க நங்கூரக் கயிற்றை நீளமாக விடுவீர்களா, வலையையே கட்டி இறக்குவீர்களா? காற்று தணிந்த பிறகும் கரையில் அலை உடைந்துகொண்டிருந்தால் வள்ளம் ஊருக்கே வருமா, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகுமா? அங்கே போகுமென்றால் பையன் நிற்கும் இடத்தையே மாற்ற வேண்டும். வள்ளவிளை, சின்னத்துறை வழக்குச் சொற்களையும் சேர்த்து எழுதுங்கள்.