மடிப்பு விழுந்த குரூப் போட்டோ: ஜெனரேட்டிவ் ஃபில்லா, பேட்ச்சா? அவசரம்

கடலூர்_ஸ்டுடியோ: பழைய கருப்பு வெள்ளை போட்டோ, நடுவுல மடிப்பு. போட்டோஷாப்ல ஜெனரேட்டிவ் ஃபில் போட்டேன், மடிப்பு சுத்தமா போயிடுச்சு. ஆனா கஸ்டமர் பாத்துட்டு "இது எங்க ஆயா இல்லைங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. பேட்ச் டூல் போட்டா அழுக்குத் திட்டா தெரியுது. எது சரி? நாளைக்குக் கொடுக்கணும்.

நெய்தல்_ரீடச்: ஸ்கேன் எத்தனை டிபிஐ? மடிப்பு எது எது மேல போகுது? மொத்த மடிப்பையும் ஒரே செலக்‌ஷனா எடுத்தீங்களா?

பழைய_ரோல்: மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. ஸ்டாம்ப் பிடிக்கக் கத்துக்காம பட்டனைத் தேடினா இப்படித்தான். ஹீலிங் பிரஷ் ஒண்ணு போதும், எல்லாத்துக்கும்.

ராக்பீச்_ராஜா: பீச் ரோட்ல எடுத்த என் கலர் படத்துல வானத்துக்குக் குறுக்க கரண்ட் கம்பி இருந்துச்சு. ஒரே தடவையில போச்சு. உங்க வெர்ஷன் பழசு, அப்டேட் பண்ணுங்க.

கடலூர்_ஸ்டுடியோ: 6×4 பிரிண்ட், 600 டிபிஐ. ஒரே செலக்‌ஷன்தான். பாண்டி தெரு ஒண்ணுல எடுத்தது. மடிப்பு மேல கடை போர்டு, அப்புறம் குறுக்கு மரப்பட்டைகள் வெச்ச ஜன்னல், கீழ ஆயா முகம்.

நெய்தல்_ரீடச்: ராஜா சார், வானத்துல எதை நிரப்பினாலும் வானம்தான். இது வேற கேஸ்.

600 டிபிஐல உங்க மடிப்பு 2400 பிக்சல் உயரம். ஜெனரேட்டிவ் ஃபில்லை ஓட்டுற ஃபயர்ஃபிளையோட ஆரம்ப மாடல்ல ஒரு தடவைக்கு 1024 பிக்சல்தான் வரும், மீதி இழுத்துப் பெருசாக்கினது. அதான் அந்தப் பட்டை மட்டும் மொழுமொழுன்னு, கிரெயின் இல்லாம இருக்கும். 100% ஜூம்ல பாருங்க. மூணு இடத்தையும் தனித்தனியா செய்யணும்.

ஜன்னல்: மரப்பட்டைகளை எண்ணிப் பாருங்க. மடிப்புக்கு இடப்பக்கம் 11 இருந்து வலப்பக்கம் 10 வந்தா, நடுவுல ஒண்ணை அது முழுங்கியிருக்கு. பேட்ச் வேற விதத்துல கெடுக்கும். அது செலக்‌ஷன் ஓரத்து நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும். ஓரம் கருப்புச் சட்டத்தைத் தொட்டா அந்தக் கருப்பு சுவருக்குள்ள கசியும். நீங்க சொன்ன அழுக்குத் திட்டு அதுதான். ஹீலிங் பிரஷ்ஷுக்கும் அதே குணம், பழைய_ரோல் அண்ணே. சட்டத்துக்கு குளோன் ஸ்டாம்ப் எடுங்க, ஹார்ட்னஸ் 70 பக்கம். கோட்டு மேலேயே Alt அடிச்சு சாம்பிள், ஒரு முனையில கிளிக், மறுமுனையில Shift கிளிக். பட்டைகளுக்கு, நல்லா இருக்கிற ஜன்னல் கதவை செலக்ட் பண்ணி, Ctrl+J போட்டு நகத்தி, Ctrl+T-ல Distort பண்ணிப் பொருத்துங்க.

பழைய_ரோல்: ஓரத்துல கசியுறது சரிதான். தோலுக்கு ஹீலிங்தான், அதுல மாத்தமில்ல.

பிக்சல்_ப்ரியா: ப்ராம்ப்ட் தப்பா இருக்கும். பெட்டியைக் காலியா விட்டா சுத்தியிருக்கிறதைப் பாத்துத்தான் நிரப்பும். போர்டுக்கு மட்டும் அந்த வார்த்தையைத் தமிழ்ல டைப் பண்ணுங்க, எழுதிக்கும்.

நெய்தல்_ரீடச்: காலியா விடுறது சரி. தமிழ் எழுதிக்கும்ங்கறது ஃபயர்ஃபிளைல நடக்காது. சுழியும் கொம்பும் இருக்கும், எழுத்து இருக்காது. போர்டுல என்ன இருக்கு?

கடலூர்_ஸ்டுடியோ: "மளிகைக் கடை". 'கை' மேலதான் மடிப்பு.

நெய்தல்_ரீடச்: அப்ப வேலை சுலபம். 'கடை'யில இருந்து 'க'வையும் 'டை'யோட ஐகாரக் கொம்பையும் எடுங்க. அதே பெயின்டர் கை, அதே பிரஷ் அகலம். போர்டு சாய்வா இருந்தா தூரத்து எழுத்து சின்னதா இருக்கும், Ctrl+T-ல அளவு பாத்துக்கோங்க.

ராக்பீச்_ராஜா: அதே தெருவுல நீல நிறப் பலகையில பிரெஞ்சும் தமிழும் இருக்குமே, அதுல பிரெஞ்சு மட்டும் சரியா வருமா?

பிக்சல்_ப்ரியா: பெரிய எழுத்துன்னா வருது.

பழைய_ரோல்: பாக்க எழுத்து மாதிரி வரும். தெருப் பேரே மாறிப்போனா யார் பொறுப்பு? இல்லாததை வரைஞ்சு காசு வாங்குறதே தப்பு.

பிக்சல்_ப்ரியா: ஸ்டாம்ப்ல வரையறதும் இல்லாததுதானே அண்ணே? கஸ்டமர்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சா என்ன தப்பு?

பழைய_ரோல்: ஸ்டாம்ப் அதே படத்துல இருந்து எடுக்குது. ரெண்டும் ஒண்ணில்ல.

நெய்தல்_ரீடச்: அதுக்குத் தனி இழை போடுங்க. முகத்துக்கு வரேன். கடலூர், மடிப்பு கண்ணு மேலயா? மூக்குத்தி எந்தப் பக்கம்?

கடலூர்_ஸ்டுடியோ: படத்துல இடப்பக்கக் கண், கன்னம், மூக்கு ஓரம். மூக்குத்தி... ஒரிஜினல்ல அதே பக்கம் இருக்கு. நான் கொடுத்ததுல இல்ல!

நெய்தல்_ரீடச்: அதான் அவங்களுக்கு ஆயாவாத் தெரியல. செலக்‌ஷனுக்குள்ள கண்ணோ மூக்கோ விழுந்தா அது திருத்தாது, புதுசா ஒரு ஆளை வரையும். கன்னத்தின் நடுப்பகுதி, பின்னாடி சுவர் — இங்க மட்டும் சின்னச் செலக்‌ஷனா ஜெனரேட்டிவ் போடலாம். அந்த லேயர்ல Add Noise, Gaussian, Monochromatic, 3-ல ஆரம்பிச்சு பக்கத்து கிரெயினோட ஒத்துப்போற வரைக்கும் ஏத்துங்க. மூக்கு ஓரம் ஸ்டாம்ப்தான், மூக்குத்தியைத் தொடாம.

கண்ணுக்கு மறுகண்ணை எடுத்து Flip Horizontal போடலாம். ஆனா கண்மணியில இருக்கிற வெளிச்சப் புள்ளியும் திரும்பிடும். அதை மட்டும் பழைய பக்கத்துக்கே மாத்துங்க. இமை பாதியாவது மிச்சமிருந்தா அந்தக் கோட்டைத்தான் வழியா வெச்சுக்கணும். மொத்தமா போயிருந்தா வேற போட்டோ கேளுங்க.

பழைய_ரோல்: கண்ணைத் திருப்பிப் போட்டா முழி ஒரே மாதிரி ஆகிடும். யார் முகத்துலயும் ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்காது.

நெய்தல்_ரீடச்: உண்மை. 2, 3% அகலம் குறைச்சுப் பாக்கலாம், அதுக்கு மேல எனக்கும் வழி தெரியல.

கடலூர்_ஸ்டுடியோ: போர்டு, ஜன்னல் ஓகே. மூக்குத்தி திரும்ப வந்துடுச்சு. இமை மேல்பாதி மட்டும் இருக்கு, கண்ணு இன்னும் சரியா வரல. வேற போட்டோ இருக்கான்னு கேட்டிருக்கேன்.